தேன், ரொட்டி, பூண்டு மூன்றிலும் தோல்வி. உணவைத் திரும்பச் சேர்த்த முறையில் தவறு செய்துவிட்டேனா?

கோடைமழை

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 36. எரிச்சல் குடல் நோய் என்று மருத்துவர் சொல்லி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வயிற்றுப்போக்கு அதிகம் வரும் வகை. சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை எல்லாம் முடிந்து வேறு கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஃபாட்மேப் குறைந்த உணவுக்கு வந்தேன்.

நீக்கக் கட்டத்தை 5 வாரம் கடைப்பிடித்தேன். வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பருப்பு வகைகள், தேன், ஆப்பிள், காளான் எதுவும் இல்லை. வலியை 10க்கு 7 என்று டைரியில் எழுதிக்கொண்டிருந்தவள் மூன்றாம் வாரத்திலிருந்து 2 என்று எழுதத் தொடங்கினேன். அதுவரை சரி.

சிக்கல் திரும்பச் சேர்க்கும்போது வந்தது. டைரியை அப்படியே தருகிறேன்.

திங்கள், செவ்வாய், புதன்: பால். கால் கோப்பை, அரை கோப்பை, முழுக் கோப்பை. ஒன்றும் ஆகவில்லை. தேறிவிட்டது என்று அன்றிலிருந்து தினமும் காலையில் ஒரு கோப்பை பால் குடிக்கத் தொடங்கினேன்.
வியாழன்: கோதுமை ரொட்டி ஒரு துண்டு. ஒன்றுமில்லை.
வெள்ளி: இரண்டு துண்டு. மாலையில் லேசான உப்புசம், வலி 3.
சனி: மூன்று துண்டு, இரவு உணவோடு. படுக்கும்வரை பெரிதாக ஒன்றுமில்லை.
ஞாயிறு: காலை 8 மணிக்குத் தேன் ஒரு தேக்கரண்டி. 11 மணிக்கு வயிற்றைச் சுருட்டிப் பிடித்தது, வலி 7, மூன்று முறை கழிவறை. தேன் தோல்வி என்று எழுதினேன்.
திங்கள்: தேன் இல்லை. ஆனாலும் உப்புசம் தீரவில்லை.
புதன்: முழுப் பூண்டுப் பல் ஒன்றை நசுக்கி சூப்பில் போட்டுக் குடித்தேன். மறுநாள் வேலைக்குப் போக முடியவில்லை.

அதோடு நிறுத்திவிட்டுப் பழையபடி கண்டிப்பான உணவுக்குப் போய்விட்டேன். அது நடந்து 4 மாதம் ஆகிறது. வயிறு அமைதியாக இருக்கிறது, ஆனால் 3 கிலோ குறைந்துவிட்டேன். விருந்து அழைப்பு வந்தாலே பயம். மூன்றும் எனக்கு ஆகாது என்று முடிவு கட்டிவிடலாமா? அல்லது நான் செய்த முறையே தவறா?

எடைக்கல்

3 கிலோ குறைந்தது நல்ல செய்திதானே! நானும் மாவுச்சத்தைக் குறைக்கலாம் என்றிருக்கிறேன். இந்த முறையில் அரிசிச் சோறு, உருளைக்கிழங்கு எல்லாம் விட வேண்டுமா? ஒரு மாதத்தில் எவ்வளவு குறையும்?

வேலிப்பூ

எடைக்கல், இது அந்த மாதிரி உணவுமுறை இல்லை. சோறும் உருளைக்கிழங்கும் தாராளமாகச் சாப்பிடலாம், சாதாரணச் சர்க்கரையும் ஓரளவு சேர்க்கலாம். சரியாக உறிஞ்சப்படாமல் குடலில் தங்கிப் புளிக்கும் சில குறிப்பிட்ட சர்க்கரைகளை மட்டும்தான் இதில் குறைக்கிறோம். எடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. எடை குறைந்தால் அது பக்கவிளைவு.

கோடைமழைக்கு ஒரு கேள்வி. நார்ச்சத்துப் பொடி, புரோபயாட்டிக் மாத்திரை ஏதாவது எடுக்கிறீர்களா? என் கதையைக் கேளுங்கள். நீக்கக் கட்டத்தில் 4 வாரம் இருந்தும் எனக்குத் துளி மாற்றமில்லை. ஐந்தாம் வாரம் என் மகள்தான் என் நார்ச்சத்துப் பொடி டப்பாவைத் திருப்பிப் பார்த்து, 'சிக்கரி வேர்ச் சாறு என்று எழுதியிருக்கிறதே' என்றாள். இன்யுலின் என்பதும் அதுதானாம். வெங்காயத்திலும் பூண்டிலும் இருக்கும் அதே ஃப்ரக்டான் இனம். ஒருபக்கம் வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துகொண்டு மறுபக்கம் கரண்டி கரண்டியாக அதையே குடித்திருக்கிறேன்! அதை நிறுத்திய பத்தாம் நாள் வயிறு வேறு வயிறாகிவிட்டது.

மாலைநடை

உங்கள் சந்தேகமே வேண்டாம், கோதுமை என்றால் அதிலுள்ள குளூட்டன் புரதம்தான். அதை நிறுத்துங்கள், மற்றது தானாகச் சரியாகும். பூண்டைப் பற்றி எனக்குத் தெரிந்த ஒரு வழி: அதில் வயிற்றுக்கு ஆகாதது எண்ணெயில் இறங்காது. ஆகவே பூண்டை முழுதாகப் போட்டு, வாசனை இறங்கியதும் எடுத்து எறிந்துவிட்டால் போதும். நான் சூப்பிலும் அப்படித்தான் செய்கிறேன்.

அளவுகரண்டி

கோடைமழை, டைரியை நாள்வாரியாகப் போட்டதற்கு நன்றி. 19 ஆண்டுகள் உணவியல் நிபுணராக வேலை பார்த்தவள் நான். இப்படிக் கணக்கு வைத்தவர்கள் குறைவு. ஆனால் கணக்கை நீங்கள் வாசித்த விதம் சரியில்லை.

முதலில் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்வோம். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சிறுகுடலிலேயே வேலையைக் காட்டும் சிறிய சர்க்கரை. சரியாக உறிஞ்சப்படாதவர்களுக்கு அது தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கும். அதன் விளைவு சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். கோதுமையில் உள்ள ஃப்ரக்டான் நீண்ட சங்கிலி. அதை உடைக்கும் நொதி மனிதக் குடலில் யாருக்குமே இல்லை. அது நேராகப் பெருங்குடலுக்குப் போய், அங்கே உள்ள நுண்ணுயிர்கள் தின்று வாயுவாக்குகின்றன. இதற்கு நேரம் பிடிக்கும். இரவு சாப்பிட்டதன் வலி மறுநாள் காலையில் வருவது சாதாரணம். மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டால் சேர்ந்துகொண்டே வந்து கடைசியில் பொங்கும்.

சனிக்கிழமை இரவு மூன்று துண்டு ரொட்டி. ஞாயிறு காலை 11 மணிக்கு வலி. நடுவில் வெறும் ஒரு தேக்கரண்டித் தேன். யார் மேல் சந்தேகப்படுவீர்கள்? நான் ரொட்டியைத்தான் முதலில் பிடிப்பேன். அதற்குமேல் தினமும் ஒரு கோப்பைப் பாலும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. தேன் திங்கட்கிழமையே நின்றுவிட்டது, ஆனால் உப்புசம் தொடர்ந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தேன் முற்றிலும் குற்றமற்றது என்றும் சொல்ல மாட்டேன். மூன்று மணி நேரம் தேனுக்கும் பொருந்தும். அந்த ஞாயிற்றுக்கிழமையை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது, அவ்வளவுதான்.

இரண்டு தவறுகள். ஒன்று, சோதனைக்கும் சோதனைக்கும் நடுவே இடைவெளி விடவில்லை. முந்தையது முழுக்க அடங்கி, வலி பழைய 2க்கு வந்து, மேலும் இரண்டு மூன்று நாள் அப்படியே நின்ற பிறகுதான் அடுத்தது. இரண்டு, தேறிய உணவைத் தினசரி உணவில் சேர்த்துவிட்டீர்கள். எல்லோரும் செய்கிற தவறு இது. மாதக்கணக்கில் பாலில்லாமல் இருந்துவிட்டு, பால் ஒத்துக்கொள்கிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் கை நிற்கும்? ஆனால் எல்லாச் சோதனையும் முடியும்வரை அடித்தளம் மாறக் கூடாது. தேறியதையும் எடுத்து வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ரொட்டி தனியாகத் தோற்றதா, பாலும் ரொட்டியும் சேர்ந்து தோற்றதா என்று எப்படிச் சொல்வது?

பூண்டைப் பற்றி: முதல் நாளே முழுப்பல்லா? பூண்டு ஃப்ரக்டான் மூட்டை. கால் பல்லில் தொடங்கியிருக்க வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை வயிறு அடங்காத நிலையில் புதன்கிழமை. அந்த சூப்பில் வேறு என்ன இருந்தது?

கோடைமழை

அடுப்பங்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சூப்புக்குச் சுவைக்காகக் கடையில் வாங்கிய காய்கறிச் சாறு கட்டி ஒன்று போட்டிருந்தேன். அட்டையில் 'வெங்காயப் பொடி' என்று மூன்றாவதாக இருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அளவுகரண்டி

வெட்கப்பட ஒன்றுமில்லை, சோதனை செய்த உணவு ஒன்றல்ல என்று இப்போது தெரிந்ததே. பூண்டைச் சோதித்தீர்கள் என்று நினைத்தீர்கள், பூண்டையும் வெங்காயத்தையும் சேர்த்துச் சோதித்திருக்கிறீர்கள்.

மாலைநடைக்கு: பாதி சரி, பாதி ஆபத்து. ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது, உண்மை. ஆனால் தண்ணீரில் நன்றாகக் கரையும். சூப்பில் முழுப்பூண்டைப் போட்டு எடுத்து எறிவதால் பயனில்லை, அதற்குள் அது தண்ணீரில் இறங்கியிருக்கும். எண்ணெயை மட்டும் சூடாக்கிப் பூண்டைப் பொரித்து, பூண்டை அகற்றிய பிறகு மற்றவற்றைப் போட வேண்டும். வீட்டில் செய்த பூண்டெண்ணெயை வெளியில் வைத்துவிடாதீர்கள், கிளாஸ்ட்ரிடியம் கிருமி அதில் நஞ்சு உண்டாக்கும். அன்றன்றைக்குச் செய்துகொள்வது நல்லது.

குளூட்டன் பற்றி: சீலியாக் உள்ளவருக்கு அது உயிர்ப் பிரச்சினை, மறுக்கவில்லை. கோடைமழைக்கு அது இல்லை என்று பரிசோதனை சொல்லிவிட்டது. 2018இல் நார்வேயில் ஓர் ஆய்வு வந்தது. சீலியாக் இல்லாமலே குளூட்டனை விட்டிருந்த 59 பேருக்கு, எது எது என்று தெரியாதபடி மூன்று வகைத் தின்பண்டம் தந்தார்கள்: குளூட்டன் கலந்தது, ஃப்ரக்டான் கலந்தது, எதுவும் கலக்காதது. அதிகத் தொந்தரவு ஃப்ரக்டான் வாரத்தில்தான் வந்தது. குளூட்டன், எதுவும் கலக்காததோடு ஒப்பிட்டால் வேறுபடவே இல்லை.

மாலைநடை

அப்படியானால் குளூட்டனை நிறுத்தியதும் எனக்கு வயிறு சரியானது பொய்யா? இரண்டு ஆண்டுகளாக நன்றாக இருக்கிறேன்.

அளவுகரண்டி

பொய் இல்லை ஐயா. குளூட்டனை நிறுத்தும்போது கோதுமையை நிறுத்துகிறீர்கள், கோதுமையோடு ஃப்ரக்டானும் போய்விடுகிறது. பலன் உண்மை, காரணம்தான் வேறாக இருக்கலாம். நெடுநேரம் புளிக்க வைத்த கோதுமை ரொட்டி உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள். புளிப்பில் ஃப்ரக்டான் குறைகிறது, குளூட்டன் அப்படியே இருக்கிறது. ஆனால் சீலியாக் பரிசோதனை செய்யாமலே நிறுத்தியிருந்தால் இதைச் செய்ய வேண்டாம், முதலில் மருத்துவரிடம் பேசுங்கள். கோதுமையை விட்டபின் எடுக்கும் ரத்தப் பரிசோதனை தப்பாக 'இல்லை' என்று காட்டிவிடும்.

அமைதிவயிறு

இவ்வளவு சோதனை எதற்கு? நான் நீக்கக் கட்டத்திலேயே இரண்டு வருடமாக இருக்கிறேன். வயிறு அமைதி. மறுபடி வலியை விலை கொடுத்து வாங்கச் சொல்கிறீர்களே.

அளவுகரண்டி

நீக்கக் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது சும்மா சொல்வதல்ல. நீங்கள் விலக்கிவைத்திருக்கும் சர்க்கரைகள்தான் பெருங்குடலில் உள்ள பிஃபிடோ பாக்டீரியாக்களுக்குத் தீனி. லண்டன் கிங்ஸ் கல்லூரிக் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரத்திலேயே அவற்றின் எண்ணிக்கை குறைந்ததைக் கண்டார்கள். இரண்டு வருடம் என்றால் பட்டினி போட்டிருக்கிறீர்கள். தவிர, பால், பருப்பு, கோதுமை, பழங்களில் பாதி இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் எங்கிருந்து வருகின்றன என்று கணக்குப் பார்த்தீர்களா?

இன்னொன்று. உங்கள் வயிற்றுக்கு இவற்றில் எதுவுமே பகையாக இல்லாமலும் இருக்கலாம். ஆறு சர்க்கரையில் ஒன்றே ஒன்று மட்டும்கூட உங்களுக்குப் பகையாக இருக்கலாம். மீதி ஐந்தை எதற்காக விலக்கிவைத்திருக்கிறீர்கள்?

அமைதிவயிறு

என் வயிறு, என் அமைதி. ஆனாலும் யோசிக்கிறேன்.

இரவுப்பணி

எனக்கும் இதே மாதிரி வயிற்றுப்போக்கு, தூக்கத்திலிருந்து எழுந்து ஓட வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் 5 கிலோ குறைந்துவிட்டது. இந்த இழையைப் படித்ததும் நாளையிலிருந்து நீக்கக் கட்டம் தொடங்கலாம் என்று இருக்கிறேன். பட்டியல் யாராவது தர முடியுமா?

அளவுகரண்டி

தர மாட்டேன். முதலில் மருத்துவரைப் பாருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு, மலத்தில் ரத்தம், ரத்தசோகை, காய்ச்சல், குடும்பத்தில் குடல் புற்றுநோய் வரலாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் உணவு மாற்றத்தால் மறைக்கக் கூடாது. கோடைமழையின் 3 கிலோவையும் நான் விட்டுவிடவில்லை. உணவு சுருங்கியதால்தான் என்று தோன்றுகிறது, ஆனாலும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

கோடைமழை

அளவுகரண்டி அம்மா, மறுபடி தொடங்கினால் எப்படிச் செய்ய வேண்டும்? சொன்னபடி கேட்கிறேன்.

அளவுகரண்டி

நீங்கள் 4 மாதமாக அடித்தளத்தில்தான் இருக்கிறீர்கள், அதனால் நேராகத் தொடங்கலாம். ஒரு வாரம் எடுத்துக்கொண்டு தொடங்கும் முன் வயிறு நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். மாதவிடாய் நாட்கள், தேர்வு, பயணம், தூக்கமில்லாத வாரம், இவற்றில் சோதனை வேண்டாம். காபியும் காரமும் கொழுப்பும் வழக்கமான அளவிலேயே இருக்கட்டும். திடீரென்று அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம்.

சோதிக்கும் உணவில் ஒரே ஒரு வகைச் சர்க்கரை இருக்க வேண்டும். தேன் நல்ல தேர்வு, அதில் ஃப்ரக்டோஸ்தான். கொண்டைக்கடலை வேறு வகையைக் காட்டும். காளான் மன்னிட்டாலைக் காட்டும். ஆப்பிளில் ஃப்ரக்டோஸும் சார்பிட்டாலும் இரண்டும் இருப்பதால் ஆப்பிளை வைத்துச் சோதித்தால் எது என்று தெரியாது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

தேனை மூன்று நாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி, இரண்டு, மூன்று. காலையிலேயே எடுத்தால் பகல் முழுக்கக் கவனிக்கலாம். லேசான தொந்தரவு என்றால் மறுநாள் அதே அளவை மீண்டும். நடுத்தரமோ கடுமையோ என்றால் நிறுத்தம், அங்கேயே முடிவு. தேறினாலும் தோற்றாலும் மூன்று நாள் இடைவெளி. பிறகு ரொட்டி, ஒன்று, இரண்டு, மூன்று துண்டு. பிறகு பூண்டு, கால் பல், அரைப்பல், ஒரு பல். வெங்காயம் தனியாக. எல்லாமே ஃப்ரக்டான்தானே, ஏன் மூன்று முறை என்று கேட்பீர்கள். ஒரு வேளை உணவில் நாம் சாப்பிடும் அளவிலும் அதில் உள்ள ஃப்ரக்டானின் அளவிலும் மூன்றும் ரொம்ப வித்தியாசம். ரொட்டி தாங்கும் வயிறு பூண்டைத் தாங்காமல் போவது சகஜம்.

அளவுகளைத் தெரிந்துகொள்ள, இந்த முறையை 2005இல் முன்வைத்த மோனாஷ் பல்கலைக்கழகத்தின் கைபேசிச் செயலி இருக்கிறது. ஒரே உணவை அது சிறிய அளவில் பச்சை நிறத்திலும் பெரிய அளவில் சிவப்பு நிறத்திலும் காட்டும். அதைப் பார்த்தால் 'ஆகும்', 'ஆகாது' என்று இரண்டே கூடையில் உணவைப் போடும் பழக்கம் போய்விடும்.

வேலிப்பூ

ஒரு சந்தேகம். மூச்சுப் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறதே? ஹைட்ரஜன் அளந்து ஃப்ரக்டோஸ் ஒத்துக்கொள்கிறதா என்று சொல்வார்களாம். இந்த மூன்று நாள் விளையாட்டெல்லாம் மிச்சமாகுமே.

அளவுகரண்டி

லாக்டோஸுக்கு ஓரளவு உதவும். ஃப்ரக்டோஸுக்கு ஒரே ஆளுக்கே இன்னொரு முறை செய்தால் வேறு முடிவு வருகிறது என்பதால் அதை நம்பி உணவை நிறுத்தச் சொல்ல மாட்டேன். தொந்தரவு வருகிறதா இல்லையா என்பதை உங்கள் வயிறுதான் சொல்ல வேண்டும்.

மாலைநடை

பயத்தினாலேயே வலி வராதா? பூண்டு என்று தெரிந்து சாப்பிட்டால் கோடைமழைக்கு எப்படியும் வலிக்கும் போலிருக்கிறது. வீட்டார் யாராவது தெரியாமல் கொடுத்துப் பார்க்கலாமே.

அளவுகரண்டி

வரும், அது மெய்யான வலியும்கூட. இந்த நோயில் வாயுவை எல்லோரையும் போல உண்டாக்கிக்கொண்டே அதிகமாக உணரும் குடல்தான் பிரச்சினை. ஆனால் பூண்டை ஒளித்துக் கொடுக்க முடியாதே, வாசனை காட்டிக்கொடுத்துவிடும். தேனுக்குப் பதில் சர்க்கரைப் பாகு என்று மாற்றிப் பார்க்கலாம். கோடைமழை சம்மதித்தால் மட்டும். தெரியாமல் கொடுப்பது சரியில்லை.

கோடைமழை (6 வாரம் கழித்து)

மன்னிக்கவும், நீண்ட நாள் வரவில்லை. சோதனை ஓடிக்கொண்டிருந்தது.

தேன்: ஒன்று, இரண்டு, மூன்று தேக்கரண்டி. வலி 1, 2, 1. அவ்வளவுதான். நான்கு மாதமாக அந்தப் பாட்டிலை அலமாரியின் மேல்தட்டில் விஷம் போல ஒதுக்கிவைத்திருந்தேன்.

ரொட்டி: முதல் நாள் ஒரு துண்டு, ஒன்றுமில்லை. இரண்டாம் நாள் இரண்டு துண்டு, மாலையில் உப்புசம், வலி 3. நீங்கள் சொன்னபடி மறுநாளும் இரண்டு துண்டிலேயே நின்றேன், அதற்கு மறுநாள் காலை வலி 5. நிறுத்திவிட்டேன். மூன்று நாள் இடைவெளி விட்டு, நானாகவே ஒரே ஒரு துண்டை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டேன். 1, 2, 1. ஆக, ஒரு துண்டு என் எல்லை.

பூண்டு: கால் பல். மதியம் சாப்பிட்டேன். இரவு ஒன்றுமில்லை என்று மகிழ்ந்து படுத்தேன். மறுநாள் காலை 6 மணிக்கு வலி 6, இரண்டு முறை கழிவறை. பூண்டு மெய்யாகவே என் எதிரி. இந்த முறை சாறு கட்டி இல்லை, வெங்காயமும் இல்லை, தப்பிக்க இடமில்லை. பூண்டெண்ணெய் மட்டும் ஒத்துக்கொள்கிறது.

காளான்: இரண்டாம் நாளில் வலி 4, ஆனால் அன்று மாதவிடாய் தொடங்கிவிட்டது. தேதியைச் சரியாகக் கணக்கிடவில்லை.

பால்: முழுக் கோப்பை வரை மறுபடி சுத்தமாகத் தேறியது.

வெங்காயமும் கொண்டைக்கடலையும் பாக்கி. காளான் முடிவை எழுதலாமா, அழிக்கலாமா?

அளவுகரண்டி

அழிக்காதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். மாதவிடாயில் பலருக்கு வயிறு தானாகவே கலங்கும், அதனால் எது எதன் வேலை என்று பிரிக்க முடியாது. எல்லாம் முடிந்தபின் காளானை இன்னொரு முறை செய்யுங்கள். அவசரம் வேண்டாம்.

அந்த ஒரு துண்டை மூன்று நாள் தொடர்ந்து சாப்பிட்டுப் பார்த்தது நல்ல வேலை. சாதாரணமாக மக்கள் 'இரண்டில் தோல்வி' என்று எழுதிவிட்டு ஒன்றையும் கைவிட்டுவிடுவார்கள்.

கோடைமழை

இன்னொன்று கேட்க மறந்துவிட்டேன். பாலும் ஒத்துக்கொள்கிறது, ஒரு துண்டு ரொட்டியும் ஒத்துக்கொள்கிறது. ஆக ஒரே காலையில் பாலும் ரொட்டியும் சாப்பிடலாம்தானே?

அளவுகரண்டி

முன்பு உங்களைக் கவிழ்த்தது அந்தக் கூட்டணியாகவும் இருக்கலாம், நினைவிருக்கிறதா? தனித்தனியே தாங்கும் இரண்டு அளவுகள் ஒரே வேளையில் சேரும்போது வாளி நிரம்பிவிடும். எல்லாச் சோதனையும் முடிந்தபின் கூட்டுச் சோதனை: அரைக் கோப்பைப் பாலும் அரைத்துண்டு ரொட்டியும், இரண்டு நாள் விட்டு முழு அளவு. அதுவரை ஒன்றைக் காலையிலும் மற்றதை மாலையிலும் வைத்துக்கொள்ளக்கூட வேண்டாம், சோதனை முடியட்டும்.

வேலிப்பூ

பூண்டு இனி எப்போதுமே கிடையாதா? பாவம்.

அளவுகரண்டி

எப்போதுமே என்று சொல்ல மாட்டேன். மூன்று நான்கு மாதம் கழித்து கால் பல்லில் பாதியை வைத்து மறுபடி பார்க்கலாம். சிலருக்கு எல்லை நகர்கிறது, சிலருக்கு நகர்வதே இல்லை.

அமைதிவயிறு

நேற்றுக் காலை கால் கோப்பைப் பால் குடித்தேன். டைரியில் 0 என்று எழுதியிருக்கிறேன். இன்று அரை கோப்பை. மறுபடி வலித்தால் உங்கள் எல்லோர் பெயரையும் சொல்லித் திட்டுவேன்.

எடைக்கல்

அப்போ சோறு சாப்பிடலாம்தானே?